டென்சர் பெருக்கத்தின் ஐகன் மதிப்புகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தர்மபுரியில் எம்.எஸ்சி. கணிதம் படிப்பவர்களுக்கும், நெட், டிஆர்பி தேர்வுகளுக்குத் தயாராகிறவர்களுக்கும் வார இறுதியில் நேரியல் இயற்கணிதம் எடுக்கிறேன். பென்னாகரம், அரூர், பாலக்கோடு, கிருஷ்ணகிரி என்று பல ஊர்களிலிருந்து வருகிறார்கள். டென்சர் பெருக்கம் வந்தவுடன் எல்லாரும் ஒரே மாதிரியான சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். அவற்றைக் கேட்டபடியே எழுதி, கீழே பதில் தந்திருக்கிறேன். முதலில் எளியவை, போகப் போகச் சிக்கலானவை. அணி, அணிக்கோவை, ஐகன் மதிப்பு ஆகியவை தெரிந்திருந்தால் போதும்.

டென்சர் பெருக்கம்னா என்ன சார்? சாதாரண அணிப் பெருக்கல் மாதிரிதானா?

இல்லை. சாதாரணப் பெருக்கலில் நிரையையும் நிரலையும் பெருக்கிக் கூட்டுவோம். இங்கே கூட்டலே கிடையாது. A ⊗ B என்றால், A-யின் ஒவ்வொரு உறுப்பு இருக்கும் இடத்திலும் அந்த உறுப்பால் பெருக்கிய முழு B-யையும் கொண்டுபோய் வைக்க வேண்டும், அவ்வளவுதான். A, B இரண்டும் 2×2 என்றால் விடை 4×4. அணிகளாக எழுதும்போது இதைக் குரோனெக்கர் பெருக்கம் என்றும் சொல்வார்கள்.

இந்தப் பக்கம் முழுக்க இரண்டு அணிகளை வைத்தே பேசப்போகிறேன்:

```
A = | 2  1 |      B = | 1  2 |
    | 1  2 |          | 3  2 |

A ⊗ B = | 2  4  1  2 |
        | 6  4  3  2 |
        | 1  2  2  4 |
        | 3  2  6  4 |
```

இடது மேல் மூலையில் இருப்பது 2B. அதற்கு வலப்பக்கம் இருப்பது 1·B. கீழே இடப்பக்கம் மறுபடியும் 1·B, அதற்கு வலப்பக்கம் 2B. அடுத்த கேள்விக்குப் போவதற்கு முன் இந்த 4×4 அணியை நீங்களே ஒருமுறை தாளில் எழுதிப் பாருங்கள்.

இந்த 4×4க்கு ஐகன் மதிப்பு கண்டுபிடிக்க நாலாம் படிச் சமன்பாடு போட வேணாமா?

வேண்டாம். A-யின் ஐகன் மதிப்புகளையும் B-யின் ஐகன் மதிப்புகளையும் தனித்தனியாகக் கண்டுபிடித்து, இதிலிருந்து ஒன்று, அதிலிருந்து ஒன்று என்று எடுத்துப் பெருக்கினால் போதும்.

A-க்கு மூலைவிட்டக் கூடுதல் 4, அணிக்கோவை 3. ஆகவே λ² − 4λ + 3 = 0. மதிப்புகள் 3, 1. B-க்குக் கூடுதல் 3, அணிக்கோவை −4. ஆகவே λ² − 3λ − 4 = 0. மதிப்புகள் 4, −1. இப்போது பெருக்குங்கள்: 3×4 = 12, 3×(−1) = −3, 1×4 = 4, 1×(−1) = −1. A ⊗ B-யின் ஐகன் மதிப்புகள் 12, −3, 4, −1.

நேர்வழியில் போயிருந்தால் λ⁴ − 12λ³ − 13λ² + 144λ + 144 = 0 என்ற சமன்பாட்டில் போய் நின்றிருப்போம். அதைக் காரணிப்படுத்தவே தேர்வில் கால் மணி நேரம் போய்விடும்.

முதலாவதோட முதலாவது, ரெண்டாவதோட ரெண்டாவதுன்னுதானே பெருக்கணும்? ரெண்டு விடைதானே வரணும்?

அதிகம் பேர் சறுக்குவது இங்கேதான். 3×4 = 12, 1×(−1) = −1 என்று இரண்டோடு நிறுத்திவிடுவார்கள். ஆனால் 4×4 அணிக்கு, திரும்ப வருவதையும் சேர்த்து எண்ணினால், நான்கு ஐகன் மதிப்புகள் இருந்தாக வேண்டும். "முதலாவது", "இரண்டாவது" என்ற வரிசை நாம் எழுதிய வரிசை மட்டுமே. 4, −1 என்பதற்குப் பதில் −1, 4 என்று எழுதியிருந்தால் விடையே மாறிவிடும் அல்லவா? அப்படி மாறும் விடை சரியாக இருக்க முடியாது.

அரூரிலிருந்து தர்மபுரிக்கு இரண்டு பஸ், தர்மபுரியிலிருந்து கிருஷ்ணகிரிக்கு இரண்டு பஸ் இருந்தால், மொத்தப் பயணத்தை நான்கு விதமாகப் போகலாம். அதே எண்ணிக்கைதான் இங்கேயும்: ஒவ்வொன்றும் மற்ற ஒவ்வொன்றோடும் சேரும்.

சரி சார், ஆனா பெருக்கினா ஏன் சரியா வருது? காரணம் சொல்லுங்க.

எல்லாம் ஒரே ஒரு விதியிலிருந்து வருகிறது: (A ⊗ B)(x ⊗ y) = Ax ⊗ By. அதாவது டென்சர் பெருக்கத்தில் A தன் பங்கான x-ஐ மட்டும் தொடும், B தன் பங்கான y-ஐ மட்டும் தொடும். இப்போது Ax = λx, By = μy என்று வையுங்கள். வலப்பக்கம் λx ⊗ μy ஆகிறது. எண்கள் இரண்டும் வெளியே வந்து λμ (x ⊗ y) ஆகிவிடுகிறது. ஆக x ⊗ y ஒரு ஐகன் வெக்டர், அதன் மதிப்பு λμ.

நம் உதாரணத்தில் ஒன்றைச் சரிபார்ப்போம். A-யில் 3-க்கு வெக்டர் (1, 1). B-யில் 4-க்கு வெக்டர் (2, 3). இரண்டின் டென்சர் பெருக்கம் (2, 3, 2, 3). இதை மேலே உள்ள 4×4-ஆல் பெருக்கினால் முதல் நிரை 4 + 12 + 2 + 6 = 24 தருகிறது. இரண்டாவது நிரை 12 + 12 + 6 + 6 = 36. மூன்றாவது 24, நான்காவது 36. அதாவது (24, 36, 24, 36), இது (2, 3, 2, 3)-இன் 12 மடங்கு.

மற்ற மூன்றையும் நீங்கள் போட்டுப் பாருங்கள். −3-க்கு (1, −1, 1, −1). 4-க்கு (2, 3, −2, −3). −1-க்கு (1, −1, −1, 1).

விடை சரியான்னு தேர்வு ஹால்ல எப்படிச் சட்டுன்னு பார்க்கிறது?

மூலைவிட்டக் கூடுதலைப் பாருங்கள். ட்ரேஸ் என்று நாம் சொல்வது அதைத்தான். A ⊗ B-யின் ட்ரேஸ், இரண்டு ட்ரேஸ்களின் பெருக்கல்: 4 × 3 = 12. ஐகன் மதிப்புகளைக் கூட்டினால் 12 − 3 + 4 − 1 = 12. பொருந்துகிறது. முன்பு சொன்னபடி இரண்டே மதிப்பை எழுதியவருக்கு 12 − 1 = 11 வந்திருக்கும். ட்ரேஸ் அங்கேயே காட்டிக்கொடுத்துவிடும்.

அணிக்கோவையும் அப்படியே 3 × (−4) = −12 தானே?

இல்லை. இங்கே அடுக்கு வரும். A ஒரு m×m அணி, B ஒரு n×n அணி என்றால், A ⊗ B-யின் அணிக்கோவை (det A)ⁿ (det B)ᵐ. அடுக்குகள் குறுக்காக வருவதைக் கவனியுங்கள்: A-யின் தலையில் B-யின் அளவு, B-யின் தலையில் A-யின் அளவு. நமக்கு 3² × (−4)² = 9 × 16 = 144. ஐகன் மதிப்புகளைப் பெருக்கினாலும் 12 × (−3) × 4 × (−1) = 144.

அடுக்கு ஏன் வருகிறது என்று பார்த்தால் மறக்காது. நான்கு பெருக்கல்களையும் எழுதிப் பாருங்கள். A-யின் மதிப்பான 3, B-யின் இரண்டு மதிப்புகளோடும் ஒவ்வொரு முறை சேர்கிறது. ஆகவே மொத்தப் பெருக்கலில் 3 இரண்டு முறை வருகிறது. மற்றவையும் அப்படித்தான். இந்த வாய்ப்பாட்டை 1858-இலேயே யோஹான் கேயோர்க் செஃபுஸ் என்ற ஜெர்மானியர் வெளியிட்டிருக்கிறார். பெயர் என்னவோ குரோனெக்கருக்குப் போய்விட்டது.

A ⊗ B-யும் B ⊗ A-யும் ஒண்ணா சார்?

அணிகள் வேறு, ஐகன் மதிப்புகள் ஒன்றே. λμ என்றாலும் μλ என்றாலும் ஒரே எண்தானே. B ⊗ A என்பது A ⊗ B-யின் நிரைகளையும் நிரல்களையும் ஒரே விதமாக இடம் மாற்றி அடுக்கியது. 2×2-க்கு இரண்டாவதையும் மூன்றாவதையும் மாற்றினால் போதும்.

ஆனால் ஐகன் வெக்டர் எழுதும்போது வரிசை முக்கியம். A ⊗ B-க்கு x ⊗ y என்றுதான் எழுத வேண்டும். தவறிப்போய் y ⊗ x என்று எழுதினால் என்ன ஆகும்? (2, 3) ⊗ (1, 1) = (2, 2, 3, 3). இதை நம் 4×4-ஆல் பெருக்கினால் முதல் நிரை 21, இரண்டாவது நிரை 35. வெக்டரின் முதல் இரண்டு உறுப்புகளும் 2, 2 என்று சமமாக இருக்க, விடையில் 21, 35 என்று வருகிறது. ஒரே எண்ணின் மடங்காக இருக்க வாய்ப்பே இல்லை. மதிப்பு சரியாக இருந்து வெக்டர் மட்டும் பொருந்தவில்லை என்றால், முதலில் இந்த வரிசையைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

ஒண்ணு 2×2, இன்னொண்ணு 3×3-ஆ இருந்தா?

எதுவும் மாறாது. மொத்தம் ஆறு மதிப்புகள் வரும். நம் A-யை எடுத்துக்கொண்டு, C என்ற 3×3 அணியின் மதிப்புகள் 1, 2, 3 என்று வைத்தால், A ⊗ C-க்கு 3, 6, 9, 1, 2, 3. ட்ரேஸ் 4 × 6 = 24, கூட்டல் 24.

இதில் 3 இரண்டு முறை வந்திருக்கிறது. A-யிலும் சரி, C-யிலும் சரி, எந்த மதிப்பும் திரும்ப வரவில்லை. ஆனாலும் 3×1, 1×3 என்று இரண்டு வழியில் ஒரே எண் கிடைத்துவிட்டது. இரண்டையும் எழுத வேண்டும், ஒன்றை வெட்டிவிடக் கூடாது. இது ஐகன் வெக்டரிலும் ஒரு வேலை காட்டும், கொஞ்ச நேரத்தில் அதற்கு வருகிறேன்.

கலப்பெண் ஐகன் மதிப்பு வந்தாலும் இதே கதைதானா?

ஆமாம். 90 பாகை சுழற்சி அணியை எடுங்கள். அதன் மதிப்புகள் i, −i. அதையே அதனோடு டென்சர் பெருக்கம் செய்தால் i·i = −1, i·(−i) = 1, (−i)·i = 1, (−i)·(−i) = −1. நான்கும் மெய்யெண்!

```
R = | 0 -1 |     R ⊗ R = | 0  0  0  1 |
    | 1  0 |             | 0  0 -1  0 |
                         | 0 -1  0  0 |
                         | 1  0  0  0 |
```

R ⊗ R ஒரு சமச்சீர் அணி. சமச்சீர் மெய்யணிக்கு மதிப்புகள் மெய்யாகத்தான் இருக்கும் என்பது ஏற்கெனவே தெரியும், அதோடு இது ஒத்துப்போகிறது. "A-க்கு மெய் ஐகன் மதிப்பே இல்லை, அதனால் A ⊗ A-க்கும் இல்லை" என்ற கூற்று சரியா தவறா என்று கேட்டால், தவறு என்று காட்ட இந்த ஓர் உதாரணம் போதும்.

A ⊗ B-யோட ஐகன் வெக்டர் எல்லாமே x ⊗ y வடிவத்துலதான் இருக்குமா?

இருக்காது. புத்தகத்தைப் படித்துவிட்டு நிறைய பேர் அப்படித்தான் நினைத்துக்கொள்கிறார்கள். புத்தகம் சொல்வது "x ⊗ y ஒரு ஐகன் வெக்டர்" என்று மட்டுமே. "எல்லா ஐகன் வெக்டரும் x ⊗ y" என்று சொல்லவில்லை.

முதலில் ஒரு சோதனை வேண்டும். (a, b, c, d) என்ற வெக்டர் x ⊗ y வடிவத்தில் இருக்கிறதா என்று எப்படித் தெரியும்? x ⊗ y-யை விரித்தால் (x₁y₁, x₁y₂, x₂y₁, x₂y₂). முதலும் கடைசியும் பெருக்கினால் x₁x₂y₁y₂. நடு இரண்டையும் பெருக்கினாலும் அதே x₁x₂y₁y₂. ஆகவே ad = bc என்று இருந்தால் மட்டுமே அந்த வடிவம் சாத்தியம். இந்தச் சோதனை இனி அடிக்கடி வரும்.

இப்போது A ⊗ A-யைப் பாருங்கள். மதிப்புகள் 9, 3, 3, 1. 3 என்பது இரண்டு வழியில் வருகிறது. அதற்கான வெக்டர்கள் (1, −1, 1, −1), (1, 1, −1, −1). இரண்டும் ஒரே மதிப்புக்கு உரியவை என்பதால் அவற்றின் கூட்டலும் ஐகன் வெக்டரே. கூட்டினால் (2, 0, 0, −2), சுருக்கினால் (1, 0, 0, −1).

```
A ⊗ A = | 4  2  2  1 |
        | 2  4  1  2 |
        | 2  1  4  2 |
        | 1  2  2  4 |
```

(1, 0, 0, −1)-ஐப் பெருக்கினால் (3, 0, 0, −3) வருகிறது. சந்தேகமே இல்லை, இது 3-க்கான ஐகன் வெக்டர். ஆனால் ad = −1, bc = 0. x ⊗ y வடிவம் இல்லை. இரண்டு காரணிகளுக்கும் ஐகன் வெக்டர்கள் போதுமான அளவு இருந்து, பெருக்கல்கள் எல்லாம் வெவ்வேறு எண்களாகவும் வந்தால், அப்போது நீங்கள் நினைத்தது நிச்சயம் சரி. நம் பழைய A ⊗ B அப்படிப்பட்டதுதான்.

A-க்குப் போதுமான ஐகன் வெக்டர் இல்லைன்னா, பெருக்கல் விதியே உடைஞ்சிடாதா?

நல்ல கேள்வி. மேலே நான் சொன்ன காரணம் ஐகன் வெக்டர்களை வைத்துத்தான் சொன்னது. வெக்டர்கள் குறைந்தால், நான்கு மதிப்புகளும் கிடைத்தன என்று அந்தக் காரணத்தை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. ஆனாலும் விதி உடையாது, அதற்கு வேறொரு வழி இருக்கிறது.

கலப்பெண்களை அனுமதித்தால் எந்தச் சதுர அணியையும் A = PTP⁻¹ என்று எழுதலாம். இதில் T மேல் முக்கோண அணி, அதன் மூலைவிட்டத்தில் A-யின் ஐகன் மதிப்புகள். B = QSQ⁻¹ என்றும் அப்படியே. அப்போது A ⊗ B = (P ⊗ Q)(T ⊗ S)(P ⊗ Q)⁻¹. இரண்டு மேல் முக்கோண அணிகளின் டென்சர் பெருக்கமும் மேல் முக்கோணம்தான். அதன் மூலைவிட்டத்தில் இருப்பவை ஒவ்வொரு λ-வையும் ஒவ்வொரு μ-வாலும் பெருக்கியவை. வெக்டர்கள் எத்தனை இருக்கின்றன என்ற கேள்வியே இங்கே எழவில்லை. மதிப்புகளும், ஒவ்வொன்றும் எத்தனை முறை வரும் என்பதும், எல்லாச் சதுர அணிக்கும் சரி.

அப்போ வெக்டர்ல என்ன ஆகும்? கையில இருக்கிற x, y-ஐப் பெருக்கினா எல்லாம் வந்துடுமா?

வராது. இந்த இடத்தில் நின்று நிதானமாகப் பார்க்க வேண்டும். மிகச் சின்ன உதாரணம் ஒன்று:

```
N = | 2  1 |     N ⊗ N = | 4  2  2  1 |
    | 0  2 |             | 0  4  0  2 |
                         | 0  0  4  2 |
                         | 0  0  0  4 |
```

N-க்கு 2 என்ற மதிப்பு இரண்டு முறை, ஆனால் ஐகன் வெக்டர் (1, 0) ஒன்றே ஒன்று. ஆகவே பெருக்கிக் கிடைப்பதும் ஒன்றுதான்: (1, 0) ⊗ (1, 0) = (1, 0, 0, 0). மதிப்பு 4, நான்கு முறை. நிறைய பேர் இங்கே "ஒரே ஒரு ஐகன் வெக்டர்" என்று எழுதி முடித்துவிடுவார்கள்.

நேரடியாகப் போட்டுப் பாருங்கள். N ⊗ N − 4I-யை (a, b, c, d)-யால் பெருக்கிப் பூச்சியத்துக்குச் சமப்படுத்தினால், முதல் நிரையிலிருந்து 2b + 2c + d = 0. இரண்டாவது, மூன்றாவது நிரைகளிலிருந்து 2d = 0. ஆகவே d = 0, c = −b. a எதுவாகவும் இருக்கலாம். அதாவது சார்பற்ற ஐகன் வெக்டர்கள் இரண்டு: (1, 0, 0, 0), (0, 1, −1, 0). இரண்டாவதற்கு ad = 0, bc = −1. ad = bc சோதனையில் தோற்கிறது. x ⊗ y என்று எப்படிப் பெருக்கினாலும் இது கிடைக்காது.

ஜோர்டான் வடிவம் கேட்டால், N ⊗ N-க்கு 3 அளவில் ஒரு கட்டமும் 1 அளவில் ஒரு கட்டமும் வரும். 2, 2 என்று இரண்டு கட்டம் வரும் என்று ஊகிப்பவர்கள் உண்டு. (N ⊗ N − 4I)-யை வர்க்கப்படுத்திப் பாருங்கள்: வலது மேல் மூலையில் 8 மிஞ்சுகிறது, வர்க்கம் பூச்சியமாகவில்லை. 2 அளவுக் கட்டங்கள் மட்டும் இருந்தால் வர்க்கத்திலேயே எல்லாம் பூச்சியமாகியிருக்கும். மூன்றாம் அடுக்கில்தான் பூச்சியமாகிறது, ஆகவே 3 அளவுக் கட்டம் இருந்தே தீர வேண்டும்.

பூச்சியமல்லாத மதிப்புகளுக்கு, இந்தக் குறை இரண்டு காரணிகளிலும் ஐகன் வெக்டர் பற்றாக்குறை இருந்தால்தான் வரும். ஒன்று மட்டும் குறைபட்டு, மற்றதற்கு வெக்டர்கள் முழுசாக இருந்தால், x ⊗ y எல்லாவற்றையும் எடுத்து அவற்றின் சேர்க்கைகளையும் எடுத்தால் எதுவும் விடுபடாது.

பூச்சியத்தை மட்டும் ஏன் சார் தனியா விட்டீங்க?

Ax = 0 என்று இருந்தால், y எதுவாக இருந்தாலும் (A ⊗ B)(x ⊗ y) = 0 ⊗ By = 0. y, B-யின் ஐகன் வெக்டராக இருக்க வேண்டும் என்ற கட்டாயமே இல்லை. x பூச்சியமாக்கிவிட்ட பிறகு B என்ன செய்தாலும் ஒன்றும் மாறாது.

மேலே உள்ள N-இல் 2-க்குப் பதில் 0 போடுங்கள். அதன் டென்சர் வர்க்கத்தில் வலது மேல் மூலையில் ஒரே ஒரு 1, மற்றதெல்லாம் 0. இதற்கு மூன்று சார்பற்ற ஐகன் வெக்டர்கள்: (1,0,0,0), (0,1,0,0), (0,0,1,0). இரண்டாவது என்பது (1, 0) ⊗ (0, 1). (0, 1) அந்த அணிக்கு ஐகன் வெக்டரே கிடையாது, ஆனாலும் டென்சர் பெருக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டது. 2 இருந்தபோது இரண்டு, 0 ஆனபோது மூன்று. ஆகவே ஜோர்டான் வடிவம் போடும் முன், மதிப்பு பூச்சியமா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

கம்ப்யூட்டர்ல போட்டா மூணு மதிப்பு பூச்சியமா வருது சார், ஏன்?

பெரும்பாலும் `np.kron`-க்குப் பதில் `np.outer` எழுதியிருப்பீர்கள். `np.outer(A, B)`-யும் 4×4 அணியைத்தான் தரும், உள்ளே இருக்கும் எண்களும் அதே பதினாறு எண்கள்தான். அடுக்கிய விதம் மட்டும் வேறு. அதனால் பார்த்தவுடன் தெரியாது. அது A-யை (2, 1, 1, 2) என்றும் B-யை (1, 2, 3, 2) என்றும் நீட்டி வைத்துப் பெருக்குகிறது. அப்படி வரும் அணியின் தரம் 1. அதனால் மூன்று மதிப்புகள் பூச்சியம், நான்காவது 2 + 2 + 3 + 4 = 11. ட்ரேஸ் 12 இருக்க வேண்டிய இடத்தில் 11 இருப்பதே அடையாளம்.

```python
import numpy as np
A = np.array([[2, 1], [1, 2]])
B = np.array([[1, 2], [3, 2]])
print(np.linalg.eigvals(np.kron(A, B)))
print(np.outer(np.linalg.eigvals(A), np.linalg.eigvals(B)))
```

கடைசி வரியில் `np.outer` வருவது சரிதான். அங்கே பெருக்குவது அணிகளை அல்ல, மதிப்புகளின் பட்டியலை. இரண்டு வரிகளும் ஒரே நான்கு எண்களைத் தரும், ஆனால் வரிசை மாறியிருக்கலாம். தசமத்தில் கடைசி இலக்கங்கள் சற்று விலகியும் இருக்கலாம்.

A ⊗ I + I ⊗ B-ன்னு கேட்டா?

இதற்கு மட்டும் பெருக்கக் கூடாது, கூட்ட வேண்டும். x ⊗ y-யின் மேல் முதல் பகுதி λ தரும், இரண்டாவது பகுதி μ தரும், மொத்தம் λ + μ. நம் அணிகளுக்கு 3 + 4 = 7, 3 − 1 = 2, 1 + 4 = 5, 1 − 1 = 0. இதைக் குரோனெக்கர் கூட்டல் என்பார்கள். A, B இரண்டுமே பூச்சிய மதிப்பு இல்லாதவை, ஆனாலும் கூட்டலில் 0 வந்துவிட்டது. ஆகவே இரண்டுக்கும் நேர்மாறு இருந்தும் இதற்கு இல்லை. A ⊗ B-க்கு அப்படி ஒருபோதும் நடக்காது.

அப்படின்னா A ⊗ B + B ⊗ A-க்கும் ஏதாவது குறுக்குவழி இருக்குமே?

பொதுவாக இல்லை. குரோனெக்கர் கூட்டலில் வேலை நடந்ததற்குக் காரணம், I எந்த வெக்டரையும் அப்படியே விடும் என்பதால் ஒரே x ⊗ y இரண்டு பகுதிகளுக்கும் பொருந்தியது. இங்கே x, A-க்கு ஐகன் வெக்டராக இருந்தால் B-க்கும் இருக்க வேண்டும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை.

```
E = | 0  1 |     F = | 0  0 |
    | 0  0 |         | 1  0 |
```

E-யின் மதிப்புகள் 0, 0. F-இன் மதிப்புகளும் 0, 0. E ⊗ F-இல் இரண்டாவது நிரை, மூன்றாவது நிரலில் ஒரு 1. F ⊗ E-இல் மூன்றாவது நிரை, இரண்டாவது நிரலில் ஒரு 1. இரண்டையும் கூட்டினால் நடு இரண்டு இடங்களையும் மாற்றும் அணி வருகிறது. அதன் மதிப்புகள் 1, −1, 0, 0. காரணிகளின் மதிப்புகள் எல்லாம் பூச்சியம். அவற்றைப் பெருக்கியோ கூட்டியோ 1 எங்கிருந்து வரும்? A-யும் B-யும் ஒன்றோடொன்று இடமாறும் அணிகளாக, அதாவது AB = BA என்று இருந்தால் வழி பிறக்கும். அப்போது இரண்டையும் ஒரே P-யால் முக்கோணமாக்கலாம். முக்கோணமாக்கியபின் மூலைவிட்டத்தைப் பார்த்து எழுதிவிடலாம்.

ஒரு 4×4-ஓட ஐகன் மதிப்பு மட்டும் கொடுத்தா, அது ரெண்டு 2×2-ஓட டென்சர் பெருக்கமான்னு சொல்ல முடியுமா?

"இல்லை" என்று சில சமயம் சொல்லலாம், "ஆமாம்" என்று ஒருபோதும் சொல்ல முடியாது.

மதிப்புகள் λ₁μ₁, λ₁μ₂, λ₂μ₁, λ₂μ₂ என்று இருந்தால், முதலும் கடைசியும் பெருக்கினால் வருவதும், நடு இரண்டையும் பெருக்கினால் வருவதும் ஒன்றே. மேலே வெக்டருக்குப் பார்த்த அதே ad = bc. ஆகவே நான்கு எண்களையும் இரண்டு ஜோடியாகப் பிரித்தால், ஏதோ ஒரு பிரிவினையிலாவது இரண்டு ஜோடிகளின் பெருக்கலும் சமமாக வர வேண்டும். 12, −3, 4, −1-இல் 12 × (−1) = −12, (−3) × 4 = −12. சரி. 1, 2, 3, 4-ஐ எடுங்கள்: 1×4 = 4 ஆனால் 2×3 = 6. 1×3 = 3 ஆனால் 2×4 = 8. 1×2 = 2 ஆனால் 3×4 = 12. எதுவும் சமமில்லை. ஆகவே மதிப்புகள் 1, 2, 3, 4 கொண்ட எந்த 4×4 அணியும் இரண்டு 2×2 அணிகளின் டென்சர் பெருக்கம் ஆகாது.

மறுபக்கம், மூலைவிட்டத்தில் 12, −1, 4, −3 என்று எழுதி மற்ற இடங்களில் பூச்சியம் போட்ட அணியைப் பாருங்கள். மதிப்புகள் A ⊗ B-யின் அதே நான்கு. ஆனால் இந்த அணி டென்சர் பெருக்கம் அல்ல. அப்படியிருந்தால் இடது மேல் கட்டமும் வலது கீழ்க் கட்டமும் ஒரே B-யின் மடங்குகளாக இருக்க வேண்டும், அதாவது 12, −1 என்பதும் 4, −3 என்பதும் ஒரே விகிதத்தில் இருக்க வேண்டும். 12 × (−3) = −36, (−1) × 4 = −4. விகிதம் பொருந்தவில்லை. அதே நான்கு எண்களை 12, −3, 4, −1 என்று வரிசை மாற்றி அடுக்கினால் பொருந்திவிடும்.

டென்சர் பெருக்கம்தான் என்று உறுதியாகத் தெரிந்தாலும், காரணிகளின் மதிப்புகள் தனியாகக் கிடைக்காது. A-யை 2-ஆல் பெருக்கி B-யை 2-ஆல் வகுத்தால் A ⊗ B மாறவே மாறாது, ஆனால் காரணிகளின் மதிப்புகள் 6, 2 என்றும் 2, −½ என்றும் ஆகிவிடும். கிடைப்பது விகிதங்கள் மட்டுமே: ஒரு காரணியில் 3 : 1, மற்றதில் 4 : −1. அதிலும் எந்த விகிதம் A-க்கு, எது B-க்கு என்பதை மதிப்புகளை மட்டும் வைத்துச் சொல்ல வழியில்லை, ஏனென்றால் B ⊗ A-யும் இதே நான்கு எண்களைத்தான் தரும். அதைத் தீர்மானிக்க 4×4 அணியின் கட்டங்களையே பார்க்க வேண்டும்.